சுகர் மாத்திரையும் சிப்ரோ, லெவோ, ஓஃப்லாக்ஸ் ஆன்டிபயாடிக்கும் சேரும்போது சுகர் ஏன் விழுது, ஏன் ஏறுது, என்ன பண்ணணும்: முழுமையான வழிகாட்டி

யூரின்ல எரிச்சல், ரெண்டு நாளா பேதி, நெஞ்சு சளின்னு யாராவது டாக்டர்கிட்ட போனா சீட்டுல அடிக்கடி வர்ற ஒரு குடும்பம் இருக்கு, சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், ஓஃப்லாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, ஃப்ளோரோகுவினோலோன்னு பேரு. நல்லா வேலை செய்யுற மருந்துதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா சுகருக்கு மாத்திரை போடுறவங்களுக்கு இது சுகரைத் திடீர்னு கீழ இறக்கிடும், சிலருக்கு மேல ஏத்திடும். மருந்துக்கடை கவுன்டர்ல நிக்கிற ஆளுங்கிறதால சொல்றேன், இந்த ரெண்டு மருந்தையும் ஒரே கவர்ல போட்டு வாங்கிட்டுப் போறவங்கள்ல முக்காவாசி பேருக்கு இது யாரும் சொல்றதே இல்ல.

மருந்து பேரைப் பார்த்ததும் பயந்து நிறுத்தச் சொல்றதுக்கு இதை எழுதல. யாருக்கு ஆபத்து, எந்த நாள்ல ஆபத்து, அந்த நாள்ல வீட்டுல என்ன பண்ணணும், இதை மட்டும் படிப்படியா பார்ப்போம்.

முதல்ல என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க

கணையத்துல இன்சுலின் சுரக்குற பீட்டா செல்லுன்னு ஒண்ணு இருக்கு. அதோட சுவத்துல பொட்டாசியம் வெளிய போற சின்ன வாசல் இருக்கு, அந்த வாசல் மூடினா செல் இன்சுலினை வெளிய தள்ளும். சாப்பிட்டதும் ரத்தத்துல சுகர் ஏறும்போது இயல்பா நடக்குறதும் இதுதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு மாதிரி சுகர் மாத்திரைங்க அதே வாசலை மூடித்தான் வேலை செய்யுது, சுகர் ஏறியிருக்கோ இல்லையோ மூடிடும், அதனாலதான் அந்த மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா மயக்கம் வருது.

இப்ப விஷயம் என்னன்னா ஃப்ளோரோகுவினோலோனும் அதே வாசல்ல போய் உக்காருது. கிருமியைக் கொல்லத்தான் வந்துச்சு, ஆனா போற வழில கணையத்துலயும் கை வைக்குது. தனியா எடுத்தா பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஏன்னா உடம்பு சமாளிச்சுக்கும். ஏற்கனவே கிளிமிபிரைடு அந்த வாசலைப் பாதி மூடி வச்சிருக்குற ஆளுக்கு இதுவும் சேர்ந்தா இன்சுலின் தேவைக்கு மேல கொட்டுது, சுகர் விழுது.

சுகர் ஏறுறதுக்கான காரணம் இவ்வளவு தெளிவா இல்ல. முதல்ல இன்சுலினைக் கொட்டின செல் கொஞ்ச நாள்ல சோர்ந்து கம்மியா சுரக்குதுன்னு ஒரு விளக்கம் இருக்கு. கேட்டிஃப்ளாக்ஸசின்னு இதே குடும்பத்துல ஒண்ணு இருந்துச்சு, அதுல இந்த முறை நல்லாவே தெரிஞ்சுது, முதல் மூணு நாள்ல விழுந்துச்சு, அதுக்கப்புறம் ஏறிச்சு. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து வயசானவங்களை வச்சு பண்ணின ஆய்வு 2006-ல வந்துச்சு, அதுல கேட்டிஃப்ளாக்ஸசின் எடுத்தவங்களுக்கு, மேக்ரோலைடுங்கிற வேற குடும்பத்து ஆன்டிபயாடிக் எடுத்தவங்களை விட சுகர் ரொம்ப விழுற வாய்ப்பு 4 மடங்குக்கு மேல, ரொம்ப ஏறுற வாய்ப்பு கிட்டத்தட்ட 17 மடங்கு. அமெரிக்காவுல கம்பெனியே அதை வாபஸ் வாங்கிடுச்சு, இந்தியாவுல 2011 மார்ச்ல உடம்புக்குள்ள போற வடிவத்தைத் தடை பண்ணிட்டாங்க. கண் சொட்டு மருந்தா மட்டும் இன்னும் இருக்கு, அது ரத்தத்துல கலக்குறது ரொம்ப ரொம்ப கம்மி, அதனால கண் ஆபரேஷன் பண்ணி சொட்டு மருந்து விடுறவங்க இதைப் படிச்சுப் பயப்பட வேண்டாம்.

மிச்ச மருந்துங்க அவ்வளவு மோசம் இல்ல, ஆனா சும்மாவும் இல்ல. தைவான்ல கிட்டத்தட்ட 78,000 சுகர் நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2013-ல வந்துச்சு. மாக்ஸிஃப்ளாக்ஸசின் எடுத்தவங்கள்ல 1000 பேருக்கு 10 பேர் சுகர் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, மேக்ரோலைடு எடுத்தவங்கள்ல 1000 பேருக்கு 4 பேருக்கும் கம்மி. நூத்துல ஒருத்தர்னு வச்சுக்கோங்க, அந்த ஒருத்தர் யாருன்னு பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிடலாம், அதுதான் இந்த விஷயத்துல நல்ல சேதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலைல எச்சரிக்கையைக் கடுமையாக்குனப்ப, சுகர் விழுந்து கோமாவுக்குப் போன 67 பேரோட ரிப்போர்ட்டைச் சொன்னாங்க, அதுல 13 பேர் இறந்துட்டாங்க, 44 பேர் எடுத்தது லெவோஃப்ளாக்ஸசின். இது 30 வருஷத்துல வந்து சேர்ந்த ரிப்போர்ட் மட்டும், நடந்தது எல்லாமே ரிப்போர்ட் ஆகாது.

படி 1: உங்க சுகர் மாத்திரையில என்ன இருக்குன்னு பாருங்க

இந்தப் படிதான் மத்த எல்லாத்தையும் விட முக்கியம். "எனக்கு சுகருக்கு ஒரே ஒரு மாத்திரைதாங்க"ன்னு சொல்றவங்க அட்டையைத் திருப்பிப் பார்த்தா அதுக்குள்ள ரெண்டு மூணு மருந்து சேர்ந்திருக்கும். நம்ம ஊர்ல ரொம்ப ஓடுறது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, இல்லன்னா இந்த ரெண்டோட வோக்லிபோஸும் சேர்ந்த மூணு-இன்-ஒண்ணு. பிராண்ட் பேர் பெருசா இருக்கும், உள்ள என்னன்னு சின்ன எழுத்துல இருக்கும், அந்தச் சின்ன எழுத்தைத்தான் படிக்கணும், கண்ணு தெரியலன்னா போன்ல போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, இந்த நாலுல ஒண்ணு இருந்தா நீங்க ஆபத்து அதிகமான பக்கம். ரெபாக்ளினைடு, இன்சுலின் ஊசி ரெண்டும் அதே பக்கம்தான். இதுல கிளிபென்கிளமைடு ரொம்ப நேரம் உடம்புல நிக்கும், கிட்னி சரியில்லன்னா இன்னும் நிக்கும், வயசானவங்களுக்கு அது கூட லெவோஃப்ளாக்ஸசின் சேர்றது எனக்குப் பிடிக்காத ஜோடி.

வெறும் மெட்ஃபார்மின், இல்ல கிளிப்டின் வகை, இல்ல டாபாக்ளிஃப்ளோசின் வகை மட்டும்னா சுகர் விழுற பயம் ரொம்ப கம்மி. ஆனா டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி யூரின்ல சுகரை வெளியேத்துற மாத்திரை எடுக்குறவங்க காய்ச்சல்ல சாப்பிட முடியாம, வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா அதை நிறுத்தி வைக்கணுமான்னு அன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க, சுகர் சாதாரணமா காட்டிக்கிட்டே ரத்தத்துல அமிலம் ஏறுற பிரச்சனை அதுல உண்டு. அது வேற கதை, இங்க இதோட விட்டுடுறேன்.

படி 2: ஆன்டிபயாடிக்ல பேரோட கடைசியைப் பாருங்க

"ஃப்ளாக்ஸசின்"னு முடிஞ்சா இந்தக் குடும்பம். பேதிக்குக் கடையில தானா வாங்குற மாத்திரைங்கதான் இங்க ஏமாத்தும், ஏன்னா ஓஃப்லாக்ஸசினோட ஆர்னிடசோலும், நார்ஃப்ளாக்ஸசினோட டினிடசோலும் சேர்ந்து ஒரே மாத்திரையா வருது, பிராண்ட் பேரை வச்சு உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. வயித்துப்போக்குல சாப்பாடும் இறங்காது, உடம்புல தண்ணியும் வத்திடும், அந்த நிலைமைல கிளிமிபிரைடையும் ஓஃப்லாக்ஸசினையும் சேர்த்துப் போடுறது சுகரைக் கீழ இழுக்க நல்லா வழி பண்ணிக் கொடுக்குற மாதிரி. இதுல கொடுமை என்னன்னா, சாதாரண தண்ணிப் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே தேவையில்ல, ஓஆர்எஸ் கரைசல் போதும். ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் அதிகமா இருந்தாலோ டாக்டரைப் பார்க்கணும், கடைக்கு வரக்கூடாது. கடைக்காரனே சொல்றேன்.

படி 3: கிட்னி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்க

லெவோஃப்ளாக்ஸசின் பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் அப்படியே வெளிய போகுது. கிட்னி நல்லா இருந்தா 6-லேர்ந்து 8 மணி நேரத்துல ரத்தத்துல அளவு பாதியாகிடும், கிட்னி ஓரளவு கெட்டுப் போனவங்களுக்கு அது ஒரு நாளுக்கு மேல இழுக்கும், அதனால ரெண்டாவது மாத்திரை போடும்போது முதல் மாத்திரை உள்ளேயே இருக்கும். கிளிமிபிரைடோட மிச்சமும் அதே மாதிரி தேங்கும். ரெண்டு மருந்தும் தேங்கி ரெண்டும் ஒரே வாசலை மூடுதுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

இங்க கிரியேட்டினின் நம்பர் நம்மளை ஏமாத்தும். 1.4-ன்னு ரிப்போர்ட்ல பார்த்துட்டு "கொஞ்சம்தானே ஜாஸ்தி"ன்னு விட்டுடுவாங்க. 30 வயசு வாட்டசாட்டமான ஆளுக்கு 1.4-ங்கிறதும் 70 வயசு ஒல்லிப் பாட்டிக்கு 1.4-ங்கிறதும் ஒண்ணு இல்ல. மருந்து அளவு பார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கு, 140-லேர்ந்து வயசைக் கழிச்சு, எடையால பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல பெருக்கி வர்றதால வகுக்கணும், பொம்பளைங்களுக்கு வர்றதை 0.85-ஆல பெருக்கணும். வர்ற நம்பர் 50-க்குக் கீழ போனா லெவோஃப்ளாக்ஸசின் அளவைக் குறைச்சுத்தான் கொடுக்கணும். நீங்க கணக்குப் போட்டு நீங்களே குறைக்க வேண்டாம், ஆனா டாக்டர் மேசையில கடைசி கிரியேட்டினின் ரிப்போர்ட்டை வச்சு "இந்த டோஸ் கிட்னிக்குச் சரியா டாக்டர்"னு கேக்க முடியும், கேட்டா கண்டிப்பா ஒரு தடவை பார்ப்பாங்க.

படி 4: முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது

காய்ச்சலுக்குப் பார்க்குற டாக்டர் வேற, சுகருக்குப் பார்க்குற டாக்டர் வேறங்கிறதாலதான் இந்தப் பிரச்சனையில பாதி வருது. அதனால ரெண்டு சீட்டையும் ஒண்ணா வச்சுக் காட்டுங்க, கேள்வி ரெண்டே ரெண்டு.

ஒண்ணு, "இதுக்கு வேற ஆன்டிபயாடிக் இருக்கா?" சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின்னு மாற்று உண்டு, முதல் மருந்துக்குக் கிட்னி ஓரளவாவது நல்லா இருக்கணும். சைனஸ், சாதாரண பிராங்கைட்டிஸ், சிக்கல் இல்லாத யூரின் இன்ஃபெக்‌ஷன் மூணுக்கும் வேற வழி இருந்தா இந்தக் குடும்பத்தைத் தொடாதீங்கன்னு எஃப்டிஏ 2016-லயே சொல்லிடுச்சு. ஆனா கிட்னி வரைக்கும் ஏறின இன்ஃபெக்‌ஷன், ப்ராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன், கல்ச்சர் ரிப்போர்ட்ல இது மட்டும்தான் வேலை செய்யும்னு வந்தது, இதுக்கெல்லாம் இந்த மருந்துதான் சரியான மருந்தா இருக்கலாம், அப்ப எடுத்துத்தான் ஆகணும். இன்னொண்ணும் சொல்லிடுறேன், மாத்தித் தரச் சொன்னா கோட்ரைமாக்ஸசோல் கொடுத்துட்டா நிம்மதின்னு நினைக்காதீங்க, அதுவும் கிளிமிபிரைடோட சேர்ந்து சுகரை விழ வைக்கும். கிளாரித்ரோமைசினும் அப்படித்தான்.

ரெண்டு, "இந்த மருந்து முடியுற வரைக்கும் கிளிமிபிரைடு அளவைக் குறைக்கணுமா?" நேர பதில் கிடைக்காம போகாது. சுகர் கட்டுப்பாட்டுல இருக்குறவர், சாப்பாடு சரியா இறங்காதவர், வயசானவர்னா பாதியாக்குற டாக்டர் இருக்காங்க, மூணு நாள் நிறுத்தி வைக்கிறவங்களும் இருக்காங்க. இன்ஃபெக்‌ஷன்ல சுகர் ஏற்கனவே 300 கிட்ட நிக்குற ஆளுக்கு அப்படியே விட்டுட்டு அடிக்கடி டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க. எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது, அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரர் குறைச்சாருன்னு நாமளும் குறைக்கக்கூடாது.

படி 5: மருந்து போடுற நாட்கள்ல சாப்பாடு

சாப்பாடு தட்டுல வந்து நாலு வாய் உள்ள போனதுக்கப்புறம் கிளிமிபிரைடு போடுங்க. காய்ச்சல்ல "மாத்திரையைப் போட்டுட்டு அப்புறம் சாப்பிட்டுக்கலாம்"னு போட்டுட்டுப் படுத்துடுறாங்க, வாய் கசக்குது, சாப்பாடு இறங்கல, மாத்திரை மட்டும் உள்ள வேலை பார்த்துக்கிட்டு இருக்கும். அந்த வேளை சாப்பாடே இறங்கலன்னா அந்த வேளை கிளிமிபிரைடு வேண்டாம்னுதான் பொதுவா சொல்வாங்க, ஆனா இதையும் முதல் நாளே டாக்டர் வாயால கேட்டு வச்சுக்கோங்க, ராத்திரி 9 மணிக்கு யோசிக்க வேண்டி வராது.

வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம், ஜிங்க் மாத்திரை, இதெல்லாம் ஃப்ளோரோகுவினோலோனைக் குடல்லயே பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துக்குப் போக விடாது. மருந்து போட்டும் கிருமி சாகல, கிருமி சாகாததால சுகரும் இறங்கலன்னு ஆகிடும். ஆன்டிபயாடிக் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அதெல்லாம், அதெல்லாம் முதல்ல போட்டுட்டா சிப்ரோவுக்கு ஆறு மணி நேரம் இடைவெளி வேணும். சிப்ரோவை வெறும் பாலோட விழுங்கவும் கூடாது.

படி 6: எப்போ டெஸ்ட் பண்ணணும்

வீட்டுல குளுக்கோமீட்டர் இல்லன்னா இந்த அஞ்சு நாளுக்காவது பக்கத்துல யார்கிட்டயாவது வாங்கி வைங்க, ஸ்ட்ரிப் மட்டும் தேதி முடியாததா பார்த்து, மெஷினுக்குப் பொருந்துறதா வாங்குங்க. முதல் மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, அது இல்லாம பின்னாடி ஏறிச்சா விழுந்துச்சான்னு சொல்ல முடியாது. முதல் மூணு நாள் காலைல வெறும் வயித்துல, மதியம் சாப்பிடுறதுக்கு முன்னாடி, ராத்திரி சாப்பிடுறதுக்கு முன்னாடி, படுக்குறப்போ, இந்த நாலு தடவை. கிளிமிபிரைடு எடுக்குற வயசானவங்களுக்கும் கிட்னி பிரச்சனை இருக்குறவங்களுக்கும் விடியக்காலை 3 மணிக்கு ஒரு தடவை. தூக்கம் கெடும், தெரியும், ஆனா தூக்கத்துல விழுற சுகரைத்தான் யாரும் பார்க்க மாட்டாங்க.

படுக்குறப்போ 100-க்குக் கீழ இருந்தா சும்மா படுக்காதீங்க, ரெண்டு இட்லியோ, ரெண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலுமோ சாப்பிட்டுப் படுங்க (ஆன்டிபயாடிக் நேரம் பார்த்துக்கோங்க). நாலாவது நாள்லேர்ந்து ஏறுதான்னு பார்க்குறதுக்குக் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போதும்.

ஒரு கேஸை வச்சுப் பார்ப்போம்

இது விளக்கத்துக்காக நானே அமைச்ச கேஸ், ஆனா இதுல இருக்குற ஒவ்வொரு துண்டும் கவுன்டர்ல பார்க்குறதுதான். 68 வயசு அம்மா, எடை 48 கிலோ, கிரியேட்டினின் 1.4. கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பிரஷருக்கு மெட்டோப்ரோலால். யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல், லெவோஃப்ளாக்ஸசின் 500 தினமும் ஒண்ணுன்னு அஞ்சு நாளைக்கு எழுதிட்டாங்க.

மேல சொன்ன கணக்கைப் போடுங்க. 140-ல 68 போனா 72, அதை 48-ஆல பெருக்கினா 3456, 72-ஐ 1.4-ஆல பெருக்கினா 100.8, வகுத்தா 34, பொம்பளைங்கிறதால 0.85, கிட்டத்தட்ட 29. கிரியேட்டினின் 1.4-ன்னு பார்த்தா சாதாரணமா தெரிஞ்சது இப்ப 29. இந்த நிலைமைக்கு லெவோஃப்ளாக்ஸசின் முதல் நாள் 500, அதுக்கப்புறம் தினமும் 250-தான். அந்த அம்மாவுக்கு ரெண்டாவது நாள்லேர்ந்து டபுள் டோஸ் போய்க்கிட்டு இருக்கு.

முதல் நாள் சாயங்காலம் சுகர் 190, காய்ச்சல்ல இது சகஜம், எல்லாரும் நிம்மதி. ரெண்டாவது நாள் வாய் கசப்பு, காலைல அரை டம்ளர் கஞ்சி, மதியம் ஒண்ணும் இல்ல, ராத்திரி ரெண்டு வாய் ரசம் சாதம். சுகர் மாத்திரை ரெண்டு வேளையும் போயாச்சு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் போயாச்சு. ராத்திரி 2 மணிக்கு நைட்டி முதுகுல ஒட்டுற அளவுக்கு வேர்வை. பக்கத்துல படுத்திருந்த மருமக "காய்ச்சல் விட்டுடுச்சு போல அத்தைக்கு"ன்னு ஃபேனைக் கூட்டி வச்சுட்டுப் படுத்துட்டாங்க.

இந்த இடத்துலதான் தப்பு நடக்குது. பாராசிட்டமால் போட்டு காய்ச்சல் இறங்கும்போதும் வேர்க்கும், சுகர் விழுந்தாலும் வேர்க்கும். தொட்டுப் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது, விரல்ல குத்திப் பார்த்தாதான் தெரியும். கை நடுக்கம், படபடப்பு வந்தா சந்தேகம் வந்திருக்கும், ஆனா மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை எடுக்குறவங்களுக்கு அது ரெண்டும் அடங்கிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். 4 மணிக்கு அந்த அம்மா சம்பந்தமே இல்லாம பேச ஆரம்பிச்சாங்க, வீட்டுல காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சுன்னு பயந்தாங்க. வயசானவங்களுக்கு சுகர் விழுறது பல தடவை இப்படித்தான் தெரியும், உளறல், எரிச்சல், ஒரு பக்கம் பலவீனம், பார்த்தா பக்கவாதம் மாதிரியே இருக்கும். அப்பதான் மீட்டர்ல பார்த்தாங்க, 48.

குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்தாங்க, 15 நிமிஷத்துல 81, எல்லாரும் உக்காந்துட்டாங்க. காலைல 6 மணிக்குப் பார்த்தா மறுபடி 56. ஏன்னா குளுக்கோஸ் ஒரு மணி நேரத்துல தீர்ந்துடும், கிளிமிபிரைடும் லெவோஃப்ளாக்ஸசினும் கிட்னி வழியா சரியா வெளிய போகாம உடம்புல தேங்கி இன்னும் இன்சுலினைத் தள்ளிக்கிட்டே இருக்கு. அதனாலதான் ஆஸ்பத்திரில டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் போட்டு ஒரு நாளாவது வச்சுப் பார்க்குறாங்க, "சுகர் ஏறிடுச்சே, வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு அடம்பிடிக்காதீங்க.

இந்தக் கதையில ரெண்டு இடத்துல திருப்பியிருக்கலாம். கிட்னி நம்பர் பார்த்து டோஸ் குறைச்சிருந்தா, இல்ல ரெண்டாவது நாள் சாப்பாடு இறங்காதப்போ கிளிமிபிரைடை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தா, இந்த ராத்திரி வந்திருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி.

படி 7: சுகர் விழுந்துட்டா

70-க்குக் கீழன்னா உடனே பண்ணணும், 54-க்குக் கீழன்னா அபாயம். முழிப்பா இருந்து முழுங்க முடிஞ்சா மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அதாவது கிட்டத்தட்ட 15 கிராம், அரை டம்ளர் தண்ணில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, 70-ஐத் தாண்டலன்னா இன்னொரு தடவை. தாண்டினதும் இட்லி, சாதம், பிரெட்னு ஏதாவது சாப்பிட வைங்க, அப்புறம் மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருங்க.

வோக்லிபோஸ், இல்ல அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுக்குறவங்க இதைக் கண்டிப்பா படிங்க. உங்களுக்குச் சர்க்கரைத் தண்ணி, மிட்டாய், வெல்லம் எல்லாம் சரிப்படாது. அந்த மருந்து குடல்ல சர்க்கரையை உடைக்க விடாது, கொடுத்தாலும் ரத்தத்துக்குப் போக நேரமாகும். சுத்தமான குளுக்கோஸ் பவுடர்தான் வேணும், கலர், ஃப்ளேவர் இல்லாத வெள்ளை டப்பா. இந்த ஆன்டிபயாடிக் கோர்ஸ் ஆரம்பிக்கிற அன்னைக்கே அதை வாங்கித் தலைமாட்டுல வச்சுடுங்க.

நினைவு இல்லாதவங்களுக்கு, உளறிக்கிட்டு முழுங்க முடியாதவங்களுக்கு வாயில எதுவும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108-க்கு கூப்பிடுங்க, "சுகர் மாத்திரை எடுக்குறவர், ஆன்டிபயாடிக்கும் எடுக்குறார்"னு முதல் வாக்கியத்துலயே சொல்லுங்க, ரெண்டு அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அடுத்த வேளை ஆன்டிபயாடிக்கையும் கிளிமிபிரைடையும் டாக்டர்கிட்ட பேசுற வரைக்கும் போடாதீங்க. ஆனா ஆன்டிபயாடிக்கை நிறுத்திட்டு அப்படியே விட்டுடவும் கூடாது, இன்ஃபெக்‌ஷன் உள்ளேயே இருக்கு, அதே நாள்ல வேற மருந்து மாத்திக் கேளுங்க. டிபிக்கு லெவோஃப்ளாக்ஸசின் இல்ல மாக்ஸிஃப்ளாக்ஸசின் எடுக்குறவங்க மட்டும் விதிவிலக்கு, சுகர் விழுந்ததுக்கு முதல் உதவி உடனே பண்ணுங்க, ஆனா டிபி மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, அன்னைக்கே டிபி சென்டர் டாக்டர்கிட்ட பேசுங்க, அங்க பெரும்பாலும் சுகர் மருந்தைத்தான் மாத்துவாங்க.

படி 8: சுகர் ஏறினா

நாலாவது நாளுக்கு மேல தாகம், அடிக்கடி யூரின், வாய் வறட்சின்னா பாருங்க. இன்ஃபெக்‌ஷனே சுகரை ஏத்தும்ங்கிறதால குழப்பம் வரும். காய்ச்சல் விட்டு உடம்பு தேறிக்கிட்டு வரும்போது சுகர் மட்டும் மேல போனா மருந்து மேல சந்தேகப்படலாம், காய்ச்சலும் சேர்ந்து ஏறினா இன்ஃபெக்‌ஷன் அடங்கலன்னு அர்த்தம். சளிக்கு ஆன்டிபயாடிக்கோட ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்திருந்தா முதல் சந்தேகம் அது மேலதான். ரெண்டு தடவை தொடர்ந்து 300-க்கு மேலன்னா, இல்ல வாந்தி, மூச்சு வாங்குறதுன்னா காத்திருக்காதீங்க.

இங்க ஒரு பொறி இருக்கு. ஏறிடுச்சேன்னு கிளிமிபிரைடை ஒண்ணுக்கு ஒண்ணரையா நீங்களே ஏத்திடாதீங்க. கோர்ஸ் முடிஞ்சு மருந்து வெளியேறினதும் சுகர் பழைய இடத்துக்கு வந்துடும், அப்ப ஏத்தி வச்ச மாத்திரை இன்னொரு பக்கம் தள்ளிவிடும்.

படி 9: கோர்ஸ் முடிஞ்சதும்

கிட்னி நல்லா இருக்குறவங்க கடைசி மாத்திரைக்கு அப்புறம் ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணினா போதும், கிட்னி பிரச்சனை உள்ளவங்களுக்கு மருந்து வெளியேற அஞ்சாறு நாள் ஆகும், அதுவரைக்கும் பார்க்கணும். டாக்டர் குறைச்ச கிளிமிபிரைடை எந்த தேதியிலேர்ந்து பழையபடி ஆரம்பிக்கணும்னு கேட்டுச் சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க, இல்லன்னா குறைச்ச அளவே மாசக்கணக்கா ஓடும், இல்ல மறுநாளே பழையபடி போட்டுடுவாங்க, ரெண்டையும் பார்த்திருக்கேன். ஒரு தடவை இந்த மருந்துல சுகர் விழுந்திருந்தா சுகர் நோட்டோட முதல் பக்கத்துல ஆன்டிபயாடிக் பேர், தேதி, அன்னைக்கு வந்த நம்பர், மூணையும் எழுதி வைங்க, அடுத்த தடவை எந்த டாக்டர்கிட்ட போனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்க.